ஒன்பதாம் குழிக்குள் கொட்டிய கலவை

கோமதிநாயகத்தைக் கோபம் இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் அவர் தூங்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பதினெட்டு வருஷமாக ஒரகடம் வட்டாரத்தில் கான்கிரீட் கலக்கும் மிக்சர் ஓட்டுகிறவர். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, "சாப்ட்டியா" என்று கேட்டாலே அடிக்க வருவது மாதிரி இருக்கும்.

பிள்ளைப்பாக்கத்தில் ரகுபதி, கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட மூன்று மாடி கட்டத் தொடங்கியிருந்தார். காலையிலேயே அவருக்கும் கோமதிநாயகத்துக்கும் முட்டிக்கொண்டது.

"ஒரு குழிக்கு ஒரே மூட்டை சிமெண்டா? இன்னா வேலை காட்றீங்க?"

"இது அடிப்படுக்கை, முதலாளி. ஒண்ணுக்கு நாலு மணல், எட்டு ஜல்லி. நாலு இஞ்சு கனம். கம்பி மண்ணுல படக்கூடாது, மேல ஊத்துற கலவையோட தண்ணிய மண்ணு குடிச்சிரக்கூடாது. அதுக்குத்தான் இது. பாரம் தாங்குறது மேல வார ஃபுட்டிங், தூணு அதுலதான் நிக்கும். ஒண்ணுக்கு ஒண்ணரை மணல், மூணு ஜல்லி. அது ஏழு மூட்டை திங்கும்."

ஐந்தடிக்கு ஐந்தடி ஃபுட்டிங். படுக்கை நாலு பக்கமும் நாலு இஞ்சு வெளியே நீண்டிருக்கும். அகலத்தில் படுக்கை பெரிது, கனத்தில் ஃபுட்டிங் பெரிது. ரகுபதி நம்பாமலே போனார்.

மதியம் கடைசிக் குழிக்கும் படுக்கை போட்டு, மிச்சக் கலவையைத் தகரத்தில் விட்டுவிட்டு டீக்குப் போனார் கோமதிநாயகம். திரும்பி வந்தால் தகரம் காலி. ஒன்பதாம் குழியில், படுக்கை காய்ந்து கம்பிவலை கட்டித் தயாராக இருந்த இடத்தில், அந்தக் கலவை கிடந்தது. கம்பிக்கு இடையில் பெரிய ஜல்லி சிக்கிக்கொண்டிருந்தது.

"ஏல லோகேசு."

சூப்பர்வைசர் லோகேஷ் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கான்கிரீட்டு தானண்ணே. வேஸ்ட் பண்ணச் சொல்றியா?"

"செவரு தாங்குற பிளின்த் பீமுக்குத் தோண்டுன பள்ளம் பத்தடி தள்ளிக் கெடக்கு. அதுக்கு அடியில போகவேண்டிய கலவைதாம்ல இது. இங்க கொட்டிருக்க. நான் அள்ளப் போறேன்."

"அள்ளுனா நாளைக்கு வேலைக்கு வராத."

கோமதிநாயகம் வெறுமனே ஓடிக்கொண்டிருந்த மிக்சரை நிறுத்திவிட்டுக் குழிக்குள் இறங்கினார். கலவை இன்னும் ஈரம்தான். கம்பிக்கு நடுவே மண்வெட்டி போகாது; கையால் அள்ளினார். திட்டிக்கொண்டே அள்ளினார்.

சத்தம் நின்றதும் ரகுபதி ஓடி வந்தார். "இன்னாபா நின்னுகினு கீது?"

"அண்ணன் ஓவரா பண்றாருங்க."

கோமதிநாயகம் ஒரு கை கலவையை மேலே நீட்டினார். "காலைல ஒரு மூட்டைன்னு சண்டை போட்டீகளே, அதேதான். இப்ப ஃபுட்டிங்குக்குள்ள கெடக்கு. தூணு இதுமேல நிக்கும். அம்பது பிள்ளைக மேல படுக்கும். உங்களுக்குச் சரின்னா, நான் இப்பமே ஊருக்குக் கெளம்புதேன்."

ரகுபதி வேட்டியை மடித்துக் கட்டினார். "லோகேசு, நீயும் எறங்கு."

மூன்று பேரும் அள்ளினார்கள். கோமதிநாயகம் கம்பி ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்தார். குழியில் தேங்கிய தண்ணீரையும் முகந்து வெளியே ஊற்றினார். மறுபடி மிக்சர் சுற்றியபோது லோகேஷ் மணலும் ஜல்லியும் அளந்து போடும் பெட்டிக் கணக்கை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.

"ஒண்ணுக்கு ஒண்ணரை, மூணு. சரிதானண்ணே?"

"வாய மூடிட்டு எண்ணுல."