இரண்டாம் பக்கம்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். மருத்துவமனைகளுக்குப் பரிசோதனை இயந்திரம் விற்கும் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவு அவள் பொறுப்பு. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். காதில் விழுந்தபோது கோபம் வரவில்லை, உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. பதினான்கு வருடமாக விற்பனை ஆட்களின் ரெஸ்யூமேக்களைச் சலித்தவள் வேறு என்ன பெயரை எதிர்பார்ப்பாள்?

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடம் ஒன்றுதான். "எத்தனை சதவீதம்னு மட்டும் பாத்து மயங்காதீங்க. எவ்வளவு டார்கெட்ல அந்த சதவீதம்னு கேளுங்க. ஒரு டீல் எவ்வளவு பெருசுன்னு கேளுங்க. ஏரியா கையில வரும்போது அங்க ஏற்கெனவே வாடிக்கையாளர் இருந்தாங்களான்னு கேளுங்க. மூணையும் சேத்துப் படிச்சாத்தான் ஆள் தெரியும்." இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு தோரணை இருக்கும். தோரணைக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

வடக்கு ஏரியாவுக்கு ஆள் தேடியபோது அறுபத்து மூன்று ரெஸ்யூமே வந்தன. கம்பெனிக்கு அந்தப் பக்கம் ஒரு வாடிக்கையாளர்கூடக் கிடையாது. ஒரு டீல் இருபது, முப்பது இலட்சம். முடிய ஏழெட்டு மாதம் ஆகும். வருட டார்கெட் ஒன்றே முக்கால் கோடி. அறுபத்து மூன்றில் ஒன்று அவளுடைய அக்கா கணவருடையது.

அவர் இருந்த கம்பெனி இழுத்து மூடப்பட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. அக்கா போனில் கெஞ்சவில்லை. "சிபாரிசு எல்லாம் வேண்டாம்டி. பாத்துட்டு உனக்குத் தோணுறதைச் செய், போதும்" என்றாள்.

சொந்தக்காரர் என்று விற்பனைத் தலைவரிடம் சொல்லி, அந்த ஒரு ரெஸ்யூமேயை அவர் கையில் கொடுத்திருக்கலாம். அதுதான் முறை. அவள் அதைச் செய்யவில்லை. அத்தானுக்காகப் பேசுகிறாள் என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்ற பயம். பட்டியலில் அவள் போட்டு வைத்த ஒரு கட்டம் உண்டு: போன வருடம் எத்தனை சதவீதம். தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் சிவப்பாகிவிடும். சிவப்பானாலும் மற்றவர்களுடையதை ஒரு முறை திறந்து படித்துப் பார்ப்பாள். அத்தானுடையது எழுபத்தெட்டு. சிவப்பானது. அவள் திறந்து பார்க்காமலே தள்ளிவிட்டாள்.

அதோடு நின்றாளா? அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போய், நடு ஹாலில் உட்கார்ந்து நியாயம் பேசினாள்.

"தப்பா நினைக்காதீங்க அத்தான். எழுபத்தெட்டை வச்சுக்கிட்டு எங்க போனாலும் கஷ்டம்தான். அந்த எண்ணே உங்களை வெளிய தள்ளிடும். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்."

அவர் தலையை ஆட்டினார். "சரிம்மா. உனக்குத் தெரியாததா" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் தன் நேர்மையை நினைத்து அவளுக்கு மனம் குளிர்ந்திருந்தது.

வேலை நூற்று நாற்பது சதவீதக்காரருக்குப் போனது. பளிச்சென்ற ஆள், சரளமான பேச்சு. அந்த எண்ணில் அவளே மயங்கிப்போனாள். எட்டு மாதத்தில் ஒரு டீல்கூட விலை பேசும் கட்டத்துக்கு வரவில்லை. போன வாரம் அவரே ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். விற்பனைத் தலைவர் அவளை அறைக்கு அழைத்து அந்த ரெஸ்யூமேயை மேசையில் விரித்தார்.

"சத்தம் போட்டுப் படிங்க."

படித்தாள். டார்கெட் ஐம்பது இலட்சம், விற்றது எழுபது. அதில் ஐம்பத்தெட்டு இலட்சம் பழைய வாடிக்கையாளர்கள் மறுபடி கொடுத்த ஆர்டர். புதிதாகப் பிடித்தது எட்டு டீல், ஒவ்வொன்றும் ஒன்றரை இலட்சம்.

"பழக்கப்பட்ட வீட்டுக்கு பால் ஊத்துற ஆளைக் கொண்டுபோய் பொட்டல்காட்டுல விட்டிருக்கோம்" என்றார் அவர். "அவர் மேல தப்பில்ல. பொய் ஒண்ணும் எழுதல. நானும் நேர்காணல்ல கேட்டிருக்கணும். பழைய பட்டியலை இன்னொரு தடவை பாருங்க."

இடத்துக்கு வந்து பட்டியலைத் திறந்தாள். சிவப்புக் கட்டங்களில் ஒன்றின் மேல் விரல் தானாக நின்றது. அத்தானுடைய ரெஸ்யூமேயை முதல் முறையாக இரண்டாம் பக்கம் வரை படித்தாள்.

டார்கெட் இரண்டு கோடி. ஏரியா கைக்கு வந்தபோது வாடிக்கையாளர் எண்ணிக்கை பூஜ்யம். அந்த வருடம் முடித்த டீல் ஆறு, சராசரி இருபத்தாறு இலட்சம். ஆறும் புது மருத்துவமனைகள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: பதினொரு பேர் கொண்ட குழுவில் டார்கெட்டைத் தொட்டவர் ஒருவர், எனக்கு இரண்டாமிடம்.

மூன்று கேள்விக்கும் மூன்று பதில். ஊருக்கெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில். முகம் சுட்டது. முன்பின் தெரியாத அறுபத்திரண்டு பேருக்குக் கிடைத்த ஐந்து நிமிடம் சொந்த அத்தானுக்குக் கிடைக்கவில்லை. நேர்மை என்று நினைத்தது நேர்மையே அல்ல, தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல் வெகுநேரம் குனிந்திருந்தாள்.

பிறகு எழுந்துபோய் விற்பனைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொந்தம் என்பதையும், படிக்காமல் தள்ளியதையும். அவர் திட்டியிருந்தால் தேவலாம்போல் இருந்தது. திட்டவில்லை. "இனி இதுல நீங்க தலையிட வேண்டாம். நானே கூப்பிட்டுப் பேசறேன். இப்போ என்ன பண்றார்னு தெரியணும், புது ரெஸ்யூமே மட்டும் வாங்கிக் குடுங்க" என்றார்.

மறுநாள் ஞாயிறு. அக்கா வீட்டுக் கதவை அத்தான்தான் திறந்தார்.

"வாங்க சல்லடை மேடம்" என்று சிரித்தார். அந்தப் பெயரை அக்காவிடம் பெருமையாகச் சொன்னவளே அவள்தான். இன்று அது சுருக்கென்று தைத்தது.

புது ரெஸ்யூமே கேட்டதும் அலமாரியிலிருந்து ஒற்றைத் தாளை எடுத்து வந்தார். கிடங்குப் பொறுப்பாளர் வேலைக்கு எழுதியது. பதினொரு வருட விற்பனை ஒரே வரியில் முடிந்திருந்தது: விற்பனைத் துறையிலும் சில ஆண்டுகள் அனுபவம் உண்டு. ஓர் எண்கூட இல்லை.

"எங்க அத்தான், அந்த எண்ணெல்லாம்?"

"நீதானேம்மா சொன்ன, அந்த எண்ணே வெளிய தள்ளிடும்னு. அதான் எடுத்துட்டேன்" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. "பழசும் என்கிட்ட இல்ல. வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு கிழிச்சுப் போட்டேன்."

கதவருகே அக்கா கையில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

தங்கை அந்தத் தாளைத் திருப்பிப்போட்டு வெற்றுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். டார்கெட் இரண்டு கோடி. தொடங்கும்போது வாடிக்கையாளர் பூஜ்யம். ஆறு டீல், சராசரி இருபத்தாறு இலட்சம். பதினொரு பேரில் இரண்டாமிடம். ஓர் எண்கூடத் தப்பவில்லை.

அத்தான் குனிந்து பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"பரவாயில்லையே, எல்லாம் ஞாபகம் வச்சிருக்கியே! அப்போ நல்லாத்தான் படிச்சுப் பாத்திருக்க. நான்கூட படிக்காமயே சொல்லிட்டியோன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டு, தப்பாக நினைத்துவிட்டவர்போல் சங்கடத்தோடு அவள் தோளைத் தட்டினார்.

ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. பேனாவை மேசையில் வைத்தாள்.

"நேத்துதான் அத்தான் படிச்சேன்" என்றாள்.

தோளில் இருந்த கை அப்படியே நின்றது. பிறகு அவர் அதை எடுத்துக்கொண்டார்.