பக்க இருக்கைக்காரர் என்ன செய்வார்

அந்தப் பாட விவரத்தை முதன்முதலில் எழுதிய மகாராசன் யாரென்று எனக்குத் தெரியாது. கையில் கிடைத்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். "இப்பயிற்சியை முடிப்போர் பட்டு நெசவுக் கலையின் சகல நுணுக்கங்களையும் அறிந்து, அதன் பெருமையை உணர்ந்து, தேர்ச்சி பெற்று விளங்குவர்." விளங்குவராம்! விளங்கினார்களா இல்லையா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? நெற்றியில் எழுதியிருக்குமா?

காஞ்சிபுரத்தில் எங்கள் நெசவுப் பயிற்சி நிலையம் ஒரு பழைய வீட்டின் பெரிய கூடத்தில் இருந்தது. ஒரு வருஷப் படிப்பு. நூல் ரகம், சாயம், கணக்கு எல்லாம் வகுப்பில் சொல்லித் தருவது நான். தறியில் உட்காரவைத்துச் சொல்லித் தருவது தறி வாத்தியார். மேலே சூப்பிரண்டு. எழுபதுகளில் ஒரு கோடையில் என்னைச் சென்னைக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகும்போது திட்டிக்கொண்டேதான் போனேன். திரும்பி வரும்போது தலைக்குள் ஒரே ஒரு விஷயம் சுற்றிக்கொண்டிருந்தது. 'அறிவார், உணர்வார், புரிந்துகொள்வார்' என்று எழுதாதே. படித்து முடித்தவன் என்ன செய்வான் என்று எழுது. அது கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கவேண்டும். எந்த நிலைமையில் செய்வான், எவ்வளவு நன்றாகச் செய்வான் என்றும் சொல். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை வை. சோதனை வைக்க முடியாத வரியைக் கிழித்துப் போடு.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. பழைய விவரத்தை எடுத்து வரி வரியாகப் பிரித்தேன். "அறுந்த பாவு இழையை முடிந்து, அச்சில் அதற்குரிய பல்லில் கோர்ப்பார்." சரி, சோதிக்கலாம். "ஒரு சேலைக்குப் பாவுக்கு எவ்வளவு நூல், ஊடைக்கு எவ்வளவு நூல் என்று யாரையும் கேட்காமல் கணக்குப் போட்டுச் சொல்வார்." இதையும் சோதிக்கலாம். (தறி தெரியாதவர்களுக்கு: பாவு நீளவாக்கில் ஓடும் இழை, ஊடை குறுக்கே போவது, அச்சு இழைகளைப் பிரித்துவைக்கும் சீப்பு.) அப்புறம் எங்கள் படிப்பின் உயிரான வரி: "கோர்வைத் தறியில் உட்கார்ந்து, கரையும் உடலும் சேருமிடத்தில் இழை விடாமல், வாத்தியார் கை வைக்காமல் ஒரு முழம் நெய்வார்." எழுதி முடித்து நானே இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு பிடித்துப்போனது.

இந்த வரிக்குச் சோதனை எப்படி என்று கேட்கத் தறிக்கூடத்துக்குப் போனேன். "ஜோடி ஜோடியா உக்கார வெச்சிப் பாப்பேன். ஜோடிக்கு ஒரு மார்க்கு" என்றார் தறி வாத்தியார்.

கோர்வை என்றால் வேறு நிறக் கரையை உடலோடு கோர்த்து நெய்வது; அந்தத் தறியில் ஒரு ஆள் போதாது. நடுவில் உட்காருகிறவர் மிதி மிதித்து, உடலையும் ஒரு பக்கக் கரையையும் நெய்வார். இன்னொரு பக்கக் கரைக்கு, ஊடையைக் குறுக்கே கொண்டுபோக வேறு நாடா, வேறு நிற ஊடை. அதைத் தள்ள அந்தப் பக்கம் ஒருவர் உட்கார வேண்டும். இது ஊருக்கே தெரிந்தது, எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் கூடத்தில் நடுவில் யார் உட்காருகிறார்கள், பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று அதுவரை நான் பார்த்ததில்லை.

அன்றைக்குப் பார்த்தேன். நடுவில் எல்லாம் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் வீட்டிலேயே பாதி கற்றுக்கொண்டு வந்தவர்கள். பக்கத்தில் எல்லாம் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், அதிலும் பெண்கள். முதல் நாள் யார் எங்கே உட்கார்ந்தார்களோ, வருஷம் முடிகிறவரை அங்கேயேதான். கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஓரத்தில் ஒரு நாடாவைத் தள்ளிக்கொண்டிருக்க, ஏற்கெனவே தெரிந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்கள்.

"மாத்தி உக்கார வெக்கறதுதானே?" என்றேன்.

"உனக்கென்னபா, வாய்ல சொல்லிட்டுப் போயிடுவ. ஜோடியப் பிரிச்சா கை ஒத்துக்காது. அச்சு அடி ஒரு மாரி விழாது. சேலை கடைக்குப் போவுது, தெரியுதில்ல? பட்டு கெட்டா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதும் நிஜம்தான். சேலை விற்ற காசில்தான் நிலையமே ஓடிக்கொண்டிருந்தது. சூப்பிரண்டிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்துதானே நெய்யறாங்க? 'நெய்வார்'னு எழுதறதுல என்ன பொய்?" என்று கேட்டார். நான் குரலை உயர்த்தினேன், அவரும் உயர்த்தினார். கடைசியில், "இருக்கைய மாத்த முடியாது. வேணும்னா எழுத்த மாத்திக்கோ. யாரு படிக்கப் போறாங்க?" என்று காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

நான் யாருக்காக இந்தச் சண்டை போட்டேன் என்று சொல்லவேண்டும். முசரவாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நிலம் நீச்சு இல்லாத குடும்பம். அவள் வீட்டில் யாரும் தறியைத் தொட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் என்று அப்பாவிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். நெசவாளர் சங்கத்தில் வேலை தெரிந்தவர்களுக்கு வீட்டிலேயே தறி போட்டுத் தருவார்கள். அந்தத் தறி அவளுக்கு வேண்டும். அது வந்தால் கல்யாணமே ஆனாலும் தன் சோறு தன் கையில் என்பது அவள் எண்ணம். கெட்டிக்காரி. இழை விட்டால் நடுவில் இருக்கிறவனுக்கு முன்னால் அவள் கண்ணுக்குத்தான் படும். "அண்ணே, நிறுத்துங்க, விட்டுட்டீங்க" என்பாள். அவன் முறைப்பான்.

சங்கத்தில் தறி கொடுக்கும் முன் நடுவில் உட்காரவைத்து நெய்யச் சொல்வார்கள். அவள் உட்கார்ந்ததே இல்லை. சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அதனால் எழுத்தை மாற்றினேன். ஒரு வரியை இரண்டாக்கினேன். "நடு இருக்கையில் பயின்றவர், பக்கத்துக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு கோர்வைச் சேலை நெய்வார். பக்க இருக்கையில் பயின்றவர், வேறொருவர் நெய்யும் தறியில் கரை நாடாவைப் பிழையின்றித் தள்ளுவார். தானே நடுவில் உட்கார்ந்து நெய்ய இப்பயிற்சி போதாது." பச்சைத் தமிழில், சின்னப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதினேன். அரை வருஷ முடிவில் பலகையில் ஒட்டினோம். ஆளுக்கு ஒரு பிரதி வீட்டுக்கும் கொடுத்தனுப்பினோம். வீட்டுக்காரர்கள் படித்துவிட்டு வந்து சத்தம் போடட்டும், சூப்பிரண்டு அசையட்டும் என்பது என் கணக்கு.

முதலில் வந்தவர் அவள் அப்பாதான். தோளில் துண்டு, கையில் அந்தக் காகிதம்.

"இன்னா சார் இது? ஒரு வருசம் பஸ்ஸுக்குக் குடுத்து அனுப்பறது, ஓரமா உக்காந்துக்கினு நாடா தள்றதுக்கா?"

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். "இதையே சூப்பிரண்டு ரூம்ல போய்க் கேளுங்க. சத்தமா கேளுங்க" என்றேன்.

அவர் போகவில்லை. காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "எனக்குப் படிக்கத் தெரியாது சார். அவதான் படிச்சிக் காட்டுனா. கடைசி வரியப் படிச்சிட்டு காயிதத்த எங்கிட்ட குடுத்துட்டா. நாங்க சண்டை போடற ஆளுங்க இல்ல சார். ஏதோ நெஜத்தச் சொன்னீங்களே, அதுவே போதும்." கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாளிலிருந்து அந்தப் பக்க இருக்கை காலி.

ஐயோ, அந்த மனுஷன் ஒரு நாள், ஒரே ஒரு நாள் கத்தியிருக்கக் கூடாதா என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறேன்! ஏனென்றால் கத்துகிறவர்கள் அடுத்த வாரமே வந்தார்கள். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒருவர், கூட அவர் மச்சான். இன்னொரு பெண்ணின் அண்ணன், அரசியல் கட்சியில் கொஞ்சம் செல்வாக்கு உள்ளவர். சூப்பிரண்டு வியர்த்துப்போனார். என்னைக் கூப்பிட்டு ஒரு மூச்சு திட்டினார். தறி வாத்தியாரையும் கூப்பிட்டார். நான் எதிர்பார்க்கவே இல்லை, வழி சொன்னது தறி வாத்தியார்தான். "ஒரு ரெண்டு தறில பட்ட எடுத்துட்டு பருத்திப் பாவு போட்டுக்கறேன். அதுல மாத்தி மாத்தி உக்காரட்டும். கெட்டா கெட்டுப்போவுது, பருத்திதானே. கை வந்தப்புறம் பட்டுக்கு வரட்டும்." இவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பாட விவரத்தை மறுபடி எழுதினேன். இரண்டு வரியை ஒன்றாக்கினேன். "பயிற்சி முடித்தவர் கோர்வைத் தறியில் எந்த இருக்கையிலும் உட்கார்ந்து, இழை விடாமல், வாத்தியார் கை வைக்காமல் ஒரு முழம் நெய்வார்." மார்க்கு ஜோடிக்கு இல்லை, ஆளுக்கு. மை காய்வதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு முசரவாக்கம் போனேன்.

அவள் அப்பா கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, மோர் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. "தென்னேரிப் பக்கம் நிச்சயம் ஆயிடுச்சு சார். வெத்தல பாக்கு மாத்தியாச்சு. இனிமே அவங்க வூட்டுப் பொண்ணு. இப்ப போயி நான் இன்னான்னு சொல்றது?" நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டில் நானே வந்து கேட்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையைத்தான் ஆட்டினார்.

அவள் வீட்டுக்குள்ளிருந்து வந்து வாசலில் நின்றாள். "புதுசா எழுதுனத கொண்டாந்தீங்களா சார்?" என்று கேட்டாள். கொடுத்தேன். நின்றபடியே மெதுவாகப் படித்தாள். 'எந்த இருக்கையிலும்' என்ற இடத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"நீ அத எழுதியிருக்க வேணாமேன்னு இப்பத் தோணுதும்மா" என்றேன். உளறினேன். நான் எழுதியதை அவள் எழுதியது போலச் சொல்லிவிட்டேன். அவளுக்குப் புரிந்தது.

"இல்ல சார். எழுதலன்னா சங்கத்துல போயி உக்காந்து அசிங்கப்பட்டிருப்பேன். நீங்க எழுதுனது சரிதான்."

சரிதான். இன்றைக்கு வரைக்கும் நானும் அப்படித்தான் சொல்வேன். அவள் வீட்டுக்கு மட்டும் அந்தக் காகிதம் ஒரு மாதம் தாமதமாகப் போயிருந்தால், அவள் அங்கேயே இருந்திருப்பாள், பருத்திப் பாவு போடும்போது அவள்தான் முதலில் உட்கார்ந்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். ரெண்டும் நிஜம்.

அதற்கப்புறம் வந்த பெண்கள் அத்தனை பேரும் நடுவில் உட்கார்ந்தார்கள். சிலர் சங்கத்தில் தறி வாங்கினார்கள். வந்து சொல்வார்கள், இனிப்புக் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்வேன்.

அன்றைக்கு முசரவாக்கத்தில் அவள் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது அப்பாவுக்குக் கேட்காத மாதிரி, "நடுவுல உக்காந்திருந்தா எனக்கு இது வந்திருக்கும், இல்ல சார்?" என்றாள்.

"வந்திருக்கும்மா" என்றேன்.