காதால் படித்த அக்கவுண்ட் டெஸ்ட்

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிற ஜாதி நான். ஏற்காட்டிலிருந்து சேலம் தபால் ஆபீசுக்குப் பதினோரு வருஷம் போய்வந்தேன். போகும் நேரத்தை வீணாக்காமல் படிக்கிறேன் என்று பஸ்ஸில் புத்தகத்தை விரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கலாவதியைப் பார்த்து மட்டும் வரவில்லை. அவளுக்கு வேறு நேரம் கிடையாது.

வாழவந்தியில் ஒரு காபி எஸ்டேட்டில் அவள் புருஷன் நல்லமுத்துவுக்கு வேலை. எஸ்டேட் கொடுத்த வீட்டில் குடித்தனம், இரண்டு பிள்ளைகள். அவளுக்கோ சேலம் ஜங்ஷன் பக்கம் ஓர் அரசாங்க ஆபீசில் ஜூனியர் அசிஸ்டென்ட் உத்தியோகம். விடிவதற்கு முன்பே எழுந்து, சமைத்து, முதல் பஸ் பிடித்து ஏற்காடு வருவாள். அங்கிருந்து எங்களோடு மலையிறங்கி சேலம் பழைய பஸ் நிலையம். பிறகு அங்கே டவுன் பஸ். ஒரு நாளைக்கு ஆறு பஸ். இதைச் சொல்லும்போதே எனக்கு இடுப்பு வலிக்கிறது.

எண்பத்தாறாம் வருஷம் செப்டம்பர் வாக்கில் அவள் ஆபீசில் ஓர் அசிஸ்டென்ட் இடம் காலியாகப் போவதாகப் பேச்சு வந்தது. சீனியாரிட்டியில் அவள்தான் முதல். ஆனால் அக்கவுண்ட் டெஸ்ட் என்கிற துறைப் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். வருகிற மே மாதப் பரீட்சையில் தேறாவிட்டால் அந்த இடம் அவளுக்கு அடுத்தவளுக்குப் போய்விடும். அந்தச் சம்பளம் வந்தால் சேலத்தில் வாடகைக்கு வீடு பார்க்கலாம், புருஷனும் கீழே ஒரு வேலை தேடிக்கொள்வான்.

"ஆறு பஸ்ஸு ரெண்டாயிருமுங்க" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வீட்டில் படிக்க முடியாது. விளக்கு வைத்தால் பிள்ளைகள், பிள்ளைகள் தூங்கினால் இவளும் தூக்கம். பஸ்ஸில் படிக்கலாமென்றால் இருபது கொண்டை ஊசி வளைவு. புத்தகத்தில் கண் வைத்தால் மூன்றாவது வளைவுக்குள் வாந்தி. மலையிறங்கி கோரிமேடு தாண்டிவிட்டாலோ ஏறுகிற கூட்டத்தில் கையை மடக்க இடமிருக்காது. டவுன் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதில் மூச்சு விடுவதே பெரிய பாடு.

அங்கப்பனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. செம்மநத்தத்துக்காரர், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், வேறோர் ஆபீசில் ரெக்கார்ட் கிளார்க். இருபது வளைவிலும் தலை நிமிராமல் பேப்பர் வாசிப்பார். கலாவதி அவரிடம் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, அந்தப் பேப்பருக்குப் பதிலா எம்பொஸ்தகத்தக் கொஞ்சம் சத்தமாப் படிச்சீங்கன்னா நான் கேட்டுக்குவனுங்க."

"அதுக்கென்னுங்க அம்மிணி. பேப்பர்ல மட்டும் என்ன வாழுது" என்றார் அங்கப்பன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் அவள். அவளுக்குப் பின்சீட்டில் அங்கப்பனும் நானும். விடுப்பு விதி, பயணப்படி, வருங்கால வைப்புநிதி என்று தடித்தடியாக நாலைந்து புத்தகம். அங்கப்பன் முன்சீட்டுக் கம்பிமேல் புத்தகத்தைச் சாய்த்து, இங்கிலீஷை எழுத்துக்கூட்டி, அவள் காதுக்குக் கேட்கிற மாதிரி வாசிப்பார். முதல் மாதம் அவர் வாசித்ததில் என் தூக்கமும் போயிற்று, எனக்கே காய்ச்சல் வந்துவிடும் போலிருந்தது. போகப்போகத் திருந்திவிட்டார். காலையில் இறங்கும்போது பாடம். சாயங்காலம் ஏறும்போது, காலையில் அவள் காதில் விழுந்ததிலிருந்து அவர் கேள்வி கேட்பார், அவள் பதில் சொல்வாள். அதற்கொரு அட்டவணை போட்டு டிபன் பையில் ஒட்டி வைத்திருந்தாள். வாரத்துக்கு ஓர் அத்தியாயம்.

சாயங்காலம் அவள் பதில் சொல்வதைக் கேட்க வேண்டும். பட்டுப்பட்டென்று வரும். கண்டக்டர் முனியப்பன்கூட, "அம்மா பாஸானா எனக்கு அரைக்கிலோ காராபூந்தி" என்று சொல்லி வைத்திருந்தார்.

காலையில் வேறு கதை. ஏழெட்டு வளைவு இறங்குவதற்குள் அவள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிடும். அங்கப்பன் நிறுத்த மாட்டார், வாசித்துக்கொண்டே போவார். ஒருநாள் நான், "அந்தம்மா தூங்குது, யாருக்குய்யா வாசிக்கிற" என்றேன். "படிச்சதப் பாதில உட்டா எனக்குத் தல கனக்குதுங்க" என்றார். எழுப்பலாமா என்று எனக்கும் தோன்றியதுதான். நாலு மணிக்கு எழுந்தவளை எழுப்ப எவனுக்கு மனசு வரும்?

பிப்ரவரியில் விண்ணப்பம் போட்டாள். இவ்வளவு வாசித்தவர் ஒரு தரம் எழுதித்தான் பாருங்களேன் என்று அங்கப்பனுக்கும் ஒரு விண்ணப்பம் வாங்கி, அவளே நிரப்பி, கையெழுத்து மட்டும் வாங்கினாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தப் பரீட்சையைப் புத்தகம் பார்த்தே எழுதலாம். அப்புறமென்ன கஷ்டம் என்று கேட்கிறவன் அந்தப் புத்தகங்களைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். ஆள் ஒருவனின் நிலைமையைச் சொல்லி, இவனுக்கு எத்தனை நாள் விடுப்பு, என்ன சம்பளம், எந்த விதிப்படி என்று கேட்பார்கள். விதியின் எண்ணோடு எழுத வேண்டும். எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில், எந்த அடிக்குறிப்பில் என்று கை தானாகப் போகாவிட்டால் நேரம் போய்விடும். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அவளுக்கும் அப்புறம்தான் உறைத்தது.

பரீட்சை முடிந்த மறுநாள் பஸ்ஸில் அவள் முகம் சரியில்லை. "பாதிக்கு மேல தெரிஞ்ச கேள்விங்க. எங்க இருக்குதுன்னு தேடித் தேடியே மணி அடிச்சுட்டாங்க" என்றாள். நீர் எப்படி எழுதினீர் என்று அங்கப்பனை நான் கேட்டதற்கு, "ஏதோ எழுதுனனுங்க" என்றதோடு சரி.

ஆகஸ்டில் ரிசல்ட் வந்தது. தேறியவர்கள் நம்பர் பட்டியலில் அங்கப்பன் நம்பர் இருந்தது. அவள் நம்பர் இல்லை. அதே வாரம் அசிஸ்டென்ட் இடம் அடுத்தவளுக்குப் போயிற்று. இனி கலாவதி அவளிடம்தான் ஃபைலை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இரண்டு நாள் அங்கப்பன் எங்கள் பஸ்ஸில் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார், பின்னால் கடைசி சீட்டுக்குப் போகப் பார்த்தார். கலாவதி திரும்பி, "இங்கியே உக்காருங்கண்ணா" என்றாள். உட்கார்ந்தார். பஸ் நாலைந்து வளைவு இறங்கியது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

"நொம்ப சந்தோசமுங்கண்ணா" என்றாள் அவள், முன்னால் பார்த்தபடியே. "பொய்யில்லீங்க. ஆனா வயிறு எரியுது. அதுவும் பொய்யில்லீங்க."

"அம்மிணி, நான் வேணும்னு..."

"தெரியுமுங்க. கேட்டதெல்லாம் என்ற காதுல இருந்துச்சு. பக்கம் பூராவும் உங்க விரல்ல இருந்துருக்குது. எட்டு மாசத்துல ஒருக்காக்கூட நான் அதத் திருப்பிப் பாக்குல." ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். "பாதிப் பாடம் கேட்ட ஞாபகமே இல்லீங்க. அண்ணா, நெசத்தச் சொல்லுங்க. நான் தூங்குனனுங்களா?"

அங்கப்பன் என்னைப் பார்த்தார். நான் வெளியே சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தேன். எனக்கென்று ஒரு கோழைத்தனம் உண்டு, அன்றைக்கு நன்றாகக் காட்டினேன்.

"தூங்குவீங்க" என்றார் அவர்.

"எத்தன நாளு?"

"தெனமும்தானுங்க. எழுப்ப மனசு வருல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பிறகு திரும்பி, அங்கப்பனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் பாத்துட்டுத்தான் இருந்தீங்களாங்க?"

ஆமாம் என்றேன்.

"எல்லாரும் எம்மேல எரக்கப்பட்டீங்க" என்றாள். "ஒருத்தராவது என்னய எழுப்பியிருக்கலாமுங்க."