எட்டு வரியிலிருந்து ஐந்து நிமிடம்

கல்லூரியில் புராஜெக்ட் உதவியாளனாக இருந்த காலம். எங்கள் வேதியியல் பேராசிரியர் தம் ஆய்வுக்கட்டுரையின் சுருக்கத்தைக் கையில் கொடுத்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஐந்து நிமிட வீடியோவுக்கு வசனம் எழுதச் சொன்னார். தேங்காய்த்தொட்டிக் கரியைக் கொண்டு சாயத் தண்ணீரில் நிறத்தை எடுப்பதுதான் விஷயம். மொத்தம் எட்டு வரி ஆங்கிலம்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா வாலாஜாபாத் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கினார். முதல் வருடம் வகுப்பில் ஒரு வரியும் விளங்காமல், விளங்கியது போல் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். இந்தப் பிள்ளைகள் அப்படித் தலையாட்டக் கூடாது என்று நினைத்தேன்.

முதலில் எழுதியது வெறும் மொழிபெயர்ப்பு. ‘பரப்புக்கவர்ச்சி’, ‘சமநிலைக் காலம்’ என்று வந்தது. வீடியோ எடுக்க வந்தவர் கல்யாண வீடியோக்காரர். நாலு வரி கேட்டதுமே, “மைக்கு முன்னாடியே தூக்கம் வருதுப்பா” என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

பிறகு உவமையாகச் செவிலிமேடு டவுன் பஸ் கிடைத்தது. கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அந்தத் துளைச் சுவர்கள்தான் சீட்டுகள், சாய மூலக்கூறுகள் பயணிகள். காலி பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் உடனே இடம் கிடைக்கும். நிரம்ப நிரம்பத் தாமதமாகும். கடைசியில் எத்தனை பேர் இறங்குகிறார்களோ அத்தனை பேர்தான் ஏற முடியும். அதுதான் சமநிலை. ஒரு சீட்டுக்கு ஒருவர். இந்த பஸ்ஸில் நிற்கிறவர்கள் கிடையாது. கட்டுரையில் இருந்த சமன்பாடு சொன்னதும் அதைத்தான். பேராசிரியர் முகம் சுளித்தார், சமன்பாட்டின் பெயர் எங்கே என்று கேட்டார். கடைசியில் விட்டுவிட்டார். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது சிரித்துக்கொண்டே போனேன்.

நான் எழுதியது வசனம் மட்டும். காட்சியை வீடியோக்காரரிடம் விட்டிருந்தேன். ‘ஆய்வகத்தில் நாங்களே கலக்கிய சாயக் கரைசலில்’ என்ற வார்த்தைகளை விடாமல் எழுதியிருந்தேன். அவை ஒலிக்கும்போது, சிவப்புத் தண்ணீர் கரி வழியாக இறங்கி, தெளிந்த தண்ணீராகக் கண்ணாடி டம்ளரில் விழுகிறது. ஒரு கை அந்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்குகிறது. நாதஸ்வரம் ஒன்றுதான் பாக்கி.

பிள்ளையார்பாளையத்துப் பள்ளி ஒன்றில் சோதனைக்காகப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள்.

“எங்க வீட்டாண்ட சாயப்பட்டறை இருக்குது சார். கெணத்துத் தண்ணி கலரா வருது. அடுப்புக்கரியப் போட்டா குடிக்கலாம்தானே?”

அந்த ஆய்வு நிறத்தை மட்டும்தான் அளந்தது. பட்டறைக் கழிவில் உப்பும் உலோகமும் வேறு என்னென்னவோ கரைந்திருக்கும். அவற்றை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. கரியும் அடுப்புக்கரி அல்ல, அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி, பக்குவப்படுத்திய கரி. இதையெல்லாம் சொல்லி, குடிக்கவே கூடாதம்மா என்றேன். வகுப்பு முழுக்க என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. அவர்கள் டம்ளரைக் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும், டம்ளரை எடுக்க வேண்டும் என்று பேராசிரியரிடம் போய் நின்றேன். கட்டுரையில் இல்லாததை எப்படிச் சேர்ப்பது என்றார். குடிக்கலாம் என்றும் கட்டுரையில் இல்லையே சார் என்றேன். செய்யாததையெல்லாம் பட்டியல் போட்டால் செய்ததற்கு என்ன மரியாதை என்று கேட்டார். அந்தக் கிணற்றைப் பற்றிச் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. பல வருட உழைப்பை ஒரு டம்ளரில் பார்த்த சந்தோஷம் அவருக்கு.

வீடியோக்காரர்தான் ஒப்பவில்லை. “படத்துக்கே உசுரு அந்த ஷாட்டுதான்பா. அதை எடுத்துட்டு இன்னாத்தக் காட்டறது?”

லேபிள் ஒட்டிய குடுவையைக் காட்டுங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்துத் தந்தார். ஆனால் கல்லூரியின் எல்லாத் துறைப் படங்களும் பள்ளிகளுக்கு ஒரே சிடியில் போகின்றன, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு நொடியும் கிடையாது. எச்சரிக்கையை அவசரமாகப் படித்தால் மறுபடி யார் காதிலும் விழாது. அதை நிறுத்தி நிதானமாகச் சொல்ல ஏதாவது ஒன்று போக வேண்டும். பேராசிரியர் பேனாவை எடுத்து, வசனத்திலிருந்து பஸ்ஸை அடித்தார்.

கரி செய்யும் முறையைக் குறைக்கலாம், கல்லூரி வாசலைக் காட்டும் முன்னுரையைக் குறைக்கலாம் என்று மன்றாடினேன். கரி செய்யும் முறைதான் ஆய்வே என்றார். வாசல் காட்சி கல்லூரி முதல்வர் கேட்டது, அதில் கைவைக்க முடியாதாம். பஸ் இருந்த இடத்தில் ‘கரியின் பரப்பில் சாயம் ஒட்டிக்கொள்கிறது’ என்ற ஒரே வரி மிஞ்சியது.

அதே பள்ளிக்கு மறுபடி எடுத்துப்போனோம், இந்த முறை பேராசிரியரும் வந்தார். என்ன புரிந்தது என்று அந்த மாணவியையே கேட்டேன்.

“குடிக்கக் கூடாதுன்னு நல்லா புரிஞ்சிது சார்” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கரி இன்னா பண்ணுதுன்னுதான் புரியல” என்றாள்.

பேராசிரியர் தலையசைத்து, சரி, போதும் என்றார். சிடி அப்படியே எல்லாப் பள்ளிகளுக்கும் போயிற்று.