நாமினி இடத்தில் ‘இல்லை’

கர்ப்பப்பைக் கட்டியை எடுக்கத் தேதி கொடுத்துவிட்டார்கள். அதற்கு நாலு நாள் முன்னால்தான், வரிவிலக்குக்காகப் போட்ட ஃபிக்சட் டெபாசிட் சான்றிதழை ஒழுங்காகப் படித்தேன். திருப்பாலைவனம் பள்ளியில் டீச்சர் நான். பிள்ளைகளுக்குத் தினமும் “கேள்வியை முழுசாப் படி” என்று கத்துகிறவள். வெட்கக்கேடு.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு இதை உடைக்கலாம் என்றுதான் பீரோவைக் குடைந்தேன். ‘லாக்-இன் ஐந்து வருடம்’ என்றிருந்தது. மூன்றுதான் முடிந்திருந்தது. நடுவில் எடுக்க முடியாது, அடமானம் வைத்துக் கடன் வாங்கவும் முடியாது. சரி, வட்டியாவது வருகிறதா? அதுவும் அசலோடு சேர்ந்து முதிர்வில்தான் வரும். மாதாமாதம் வாங்கும் வழியும் படிவத்தில் இருந்தது, நான்தான் டிக் அடிக்கவில்லை. போகட்டும், டீச்சர்கள் சொசைட்டியில் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றினேன்.

அடுத்த வரியைத்தான் இரண்டு தடவை படித்தேன். ‘நாமினி: இல்லை.’

எப்படி மறந்தேன் என்று யோசிக்கவே வேண்டாம், நான் மறக்கவில்லை. டெபாசிட் போட்ட அன்றைக்கு என் வீட்டுக்காரர் புது வலையை முதல்முதலாகக் கடலில் இறக்கியிருந்தார். ஆள் கடலில் இருக்கும்போது எங்கள் குப்பத்தில் சாவுப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள். “உங்களுக்கப்புறம் யாருக்கு?” என்று வங்கியில் கேட்டதும், அப்புறம் எழுதுகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். மூன்று வருடமாக அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.

எனக்கு ஏதாவது ஆனால் ஐந்து வருடம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். நாமினி இல்லாவிட்டால்தான் வாரிசுச் சான்றிதழ், கையெழுத்து என்று இந்த மனுஷன் தாலுகா ஆபீஸுக்கு அலைய வேண்டும். அவருக்கு ஒரு மனு எழுதத் தெரியாது. மகளின் காலேஜ் ஃபீஸ் அதுவரை காத்திருக்குமா? உட்கார முடியவில்லை. அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டேன்.

அவர் கரையேறியதும் சொன்னேன். முகம் மாறிவிட்டது.

“இன்னா பேச்சு இது? ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துல. வந்து எழுதிக்கலாம்.”

“நான் திரும்பி வந்துட்டா அப்புறம் நாமினி எதுக்கு?” என்றேன். எனக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. அழுகையும்தான்.

மறுநாள் பழவேற்காடு வங்கிக்கு இருவரும் போனோம். அவர் வாசலோரப் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். நாமினேஷன் படிவத்தில் அவர் பெயர், உறவு, வயது, முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள்; டெபாசிட் ரசீதிலும் நாமினி பதிவானதாகக் குறித்தார்கள். ஒருவழியாக மூச்சு விட்டேன்.

வெளியே வந்ததும் அவர் பைக்கைக் கிளப்பவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“புது வலை எறக்குன வருசம் மீனவர் சங்கத்துல எனக்கு விபத்து இன்சூரன்ஸ் போட்டாங்கல்ல,” என்றார். “அதுலயும் அந்த இடம் காலியாத்தான் கீது. நான்தான் எழுத வேணாம்னு சொன்னேன்.”

மூன்று வருடமாக ஒவ்வொரு விடியலிலும் இவரை அப்படியேதான் கடலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

“சங்கம் தொறந்திருக்குமா?” என்று கேட்டேன்.

“தொறந்திருக்கும்,” என்றார். “ஏறு.”