வேனில் ஏறாதவனுக்கு வேன் பிடித்தம்

முர்ரே ஆற்றங்கரை ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் பறிக்கத் தொங்கா தீவிலிருந்து கடல்கடந்து வந்தவர்களில் ஹேலு மட்டும் ஒரு மாதிரி. மற்றவர்கள் வேனில் போவார்கள். அவன் விடியலில் ஆற்றோரமாக நடந்தே போவான். பனிமூட்டத்தில் நீரும் கரையும் ஒன்றாகிக் கிடக்கும். கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகம் வரும். நடக்கும் முக்கால் மணி நேரமும் அவன் மனதுக்குள் தன் ஊரில், மகள் ஓஃபாவோடு பேசிக்கொண்டிருப்பான்.

வேன் வேண்டாமென்று அவன் எழுதிக் கொடுத்ததும், சரியென்று சம்பளப் பிரிவு பதில் அனுப்பியதும் உண்மை. ஆனாலும் எட்டு வாரமாக, வாரம் முப்பத்தைந்து டாலர் போக்குவரத்துப் பிடித்தம்! ஓஃபாவின் பள்ளிக் கட்டணம் இந்த மாதம் போகாவிட்டால் தேர்வெழுத விடமாட்டார்கள். வயிறு எரியாதா?

எட்டுச் சம்பளச் சீட்டுகளையும் அந்த இரண்டு கடிதங்களையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்பினான். மறுநாள் சம்பளப் பிரிவில் இருக்கும் ஜோன் அவனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள்.

"உங்க கடிதம் சரிதான் ஹேலு. ஆனா வேன்ல ஏறினவங்க பேர்த் தாள்ல தினமும் உங்க பேருக்கு டிக் இருக்கே?"

அவள் நீட்டிய தாளைப் பார்த்தான். ஒரே கை, ஒரே பேனா. குழுத்தலைவர் மைலே மாமாவின் டிக்.

"இது தப்புன்னு மைலே எழுதிக் குடுத்தா, அடுத்த சம்பளத்துலயே முழுசும் திரும்ப வந்துடும். இல்லேன்னா தாள்ல இருக்கறதுதான் கணக்கு."

ஊருக்கே பெரியவரைப் போய், பொய் டிக் போட்டீர்கள் என்று வெள்ளைக்காரிக்கு எழுதித் தரச் சொல்வதா? மகளின் முகமும் மாமாவின் முகமும் கண்முன் மாறி மாறி வந்தன. மகள் ஜெயித்தாள்.

மாலை ஜெபம் முடிந்ததும், மாமாவிடம் தலை குனிந்தபடியே சொன்னான்.

மைலே மாமா அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அட மடையா, அந்த டிக்குக்குக் காசு பிடிப்பாங்கன்னு எனக்கெப்படிடா தெரியும்?" என்றார். "கோயில்ல பேர் வாசிக்கும்போது வராதவனை விட்டுட்டா வாசிப்போம்? நம்ம பையன் பேர் விட்டுப்போகக் கூடாதுன்னுதான் போட்டேன்."

காகிதம் கேட்டு வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக எழுதிக் கையெழுத்திட்டார். ஹேலு அதைப் படம்பிடித்து ஜோனுக்கு அனுப்பினான்.

அடுத்த சம்பளச் சீட்டில் 'திருப்பித் தந்த பிடித்தம்: 280 டாலர்' என்று தனி வரி வந்தது. அன்றே பணத்தை ஊருக்கு அனுப்பினான்.

அன்று மாலை வேன் டிரைவர் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஜன்னலோர சீட்டுல இத்தனை வாரமா ஒருத்தரையும் உட்கார விடல உங்க மாமா. ஹேலு வந்தா எங்க உட்காருவான்னு சண்டை."

ஹேலு அழுதுவிட்டான்.