மூடி வைத்த பூக்களில் மூன்று காய்

தொண்ணூறுகளின் இறுதியில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் நான் முனைவர் பட்ட மாணவி. பொன்முடி ஓடையோரம் பூக்கும் காட்டுக் காசித்தும்பைக்கு எந்தப் பூச்சி வருகிறது என்று பார்ப்பதுதான் வேலை. மார்ச்சோடு உதவித்தொகை முடிகிறது. தேசியக் கருத்தரங்கில் பேச இடம் கிடைத்தால் ஒரு வருடம் நீட்டிப்பார்கள் என்று என் ஆய்வு வழிகாட்டி மேடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வருடம் இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். எங்கள் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துத் தயாராக வைத்திருந்தார்கள்.

கருத்தரங்குக்கு அனுப்பும் ஆய்வுச் சுருக்கத்தில் மூன்று இடத்தில் 'இம்பார்ட்டன்ட்' என்று எழுதியிருந்தேன். மேடம் மூன்றையும் வட்டமிட்டு, 'வேறு சொல் போடு' என்று ஓரத்தில் குறித்துவிட்டு டெல்லி போய்விட்டார். ஒரே சொல்லைத் திரும்ப எழுதினால் பள்ளியில் மார்க் குறைப்பார்கள். அந்தப் புத்தியில் கம்ப்யூட்டர் நீட்டிய பட்டியலிலிருந்து மூன்று சொற்களைப் பொறுக்கினேன். பூவுக்கு வரும் நீலப் பட்டைத் தேனீ 'எசென்ஷியல்', அதன் வருகை 'சிக்னிஃபிகன்ட்', காலை நேரம் 'குரூஷியல்'. படிக்க ஜோராக இருந்தது. ஊர் திரும்பிய மேடம் அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதத்தில் பேச இடம் கொடுத்துக் கடிதம் வந்தது.

கடிதத்தோடு பொன்முடிக்கு ஓடினேன். தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் இருந்த ஒரு பெண், என் வயதுதான், விடுமுறை நாட்களில் என்னோடு உட்கார்ந்து பூச்சி எண்ணுவாள். பூச்சி தொடாமல் காய் பிடிக்கிறதா என்று பார்க்க, வலைப்பை கட்டிச் சில பூக்களை மூடியதும் அவள்தான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நீலப் பட்டை போட்ட அந்தத் தேனீ இல்லாவிட்டால் இந்தச் செடிக்கு விதையே கிடையாது என்று பெருமையாகத் தமிழில் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "மூடி வச்ச பூவிலயும் மூணு காய் வந்தல்லோ டீச்சரே. நீங்கதான புக்கில எழுதினீங்க."

நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். கிழிந்த பைகளை எல்லாம் கழித்த பிறகும், கிழியாத பைகளுக்குள் மூன்று காய்கள் இருந்தன. குறைவுதான், ஆனாலும் காய்கள். 'எசென்ஷியல்', அதாவது அது இல்லாமல் முடியாது என்று சொன்னால், இல்லாதபோது நடக்கவில்லை என்று காட்ட வேண்டும். என் நோட்டே அதற்கு எதிர்ச்சாட்சி.

பஸ் வர இரண்டு மணி நேரம். மலை வளைவுகளில் பஸ் இறங்கும்போது மற்ற இரண்டு சொற்களும் என்னை விடவில்லை. 'சிக்னிஃபிகன்ட்' என்றால் புள்ளியியல் சோதனை செய்தாயா என்பார்கள். நான் கூட்டிக் கழித்ததோடு சரி. காலை நேரம் 'குரூஷியல்' என்று சொல்ல மற்ற நேரங்களையும் பார்த்திருக்க வேண்டும்; நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. ஒரே விஷயத்துக்கு மூன்று பெயர் வைப்பதாக நினைத்து, செய்யாத மூன்று சோதனைகளைச் செய்ததாக எழுதியிருக்கிறேன். பை கட்டும் முன்பே தேனீ வந்து போயிருக்கலாமே என்று மனசு சமாதானம் தேடியது. அந்த மனசை நினைத்தால் இன்றும் வெட்கம்தான்.

விதுராவில் இறங்கி எஸ்டிடி பூத்திலிருந்து மேடத்தைக் கூப்பிட்டேன். ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்காரர், கோபம் வந்தால் ஆங்கிலம் போய் வீட்டுத் தமிழ் வந்துவிடும். மூன்று சொற்களும் தப்பு, திருத்த வேண்டும் என்றேன். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்போ திருத்தினா பேசற சான்ஸ் போயிடும், தெரியுமோல்லியோ?"

"தெரியும் மேடம்."

"படிக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு. நாளைக்குக் கார்த்தால திருத்திண்டு வா."

மறுநாள் இருவரும் உட்கார்ந்தோம். முதன்மை மகரந்தச் சேர்க்கையாளர் என்று போடலாமா என்றேன். பூவில் உட்கார்ந்ததை எண்ணினாயா, மகரந்தம் ஒட்டியதை எண்ணினாயா என்றார். உட்கார்ந்ததைத்தான். கடைசியில் நின்றது ஒன்றே: பார்த்த நேரங்களில் மிக அதிகமாக வந்த பூச்சி இது. கூடவே மூடிய பூக்களின் மூன்று காய்களும் ஏறின. சுருக்கம் கஞ்சி போட்ட துணியாக விறைத்து நின்றது. ஃபேக்ஸ் அனுப்பிய பிறகு பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதில் வந்தது. மேடையில் பேச்சு இல்லை, ஆய்வை எழுதி ஒட்டிவைக்கும் சுவரொட்டி மட்டும். ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதம் நீட்டித்தார்கள். அழுதேன்.

கருத்தரங்கில் கழிப்பறைக்குப் போகும் வழியில் இடம் கொடுத்திருந்தார்கள். மாலை வரை யாரும் நிற்கவில்லை. சுவரொட்டியைக் கழற்றும் நேரத்தில் நரைத்த தலையோடு ஒருவர் வந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு முழுக்கப் படித்தார். பெரிய அரங்கில் நடுவரிசையில் உட்கார்ந்து பேச வந்தவர்களை ஒவ்வொருவராகக் குடைந்தவர் அவர்தான். திரும்பி, மூடிய பூக்களில் காய் எத்தனை என்று கேட்டார்.

"மூன்று," என்றேன். அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினேன்.